கமலைக் கிணறும் ஆயிரம் கிரெடிட்டும்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஒரு சின்னப் படம் செய்து கொடுத்தோம். மொத்தம் ஒன்றரை நிமிடம். மோட்டார் வருவதற்கு முன்னால் கிணற்றிலிருந்து தண்ணீர் எப்படி மேலே வந்தது என்பதுதான் கதை. கமலை இறைப்பு. இப்போது ஊரில் ஒரு கமலைகூட இல்லை. கூனை பழைய இரும்புக்குப் போய்விட்டது, தோல் வால் எலி தின்று போனது. மிச்சம் இருப்பது கிணற்று மேட்டுச் சரிவும், வடக்கயிறு உரசி உரசிப் பள்ளம் விழுந்த ஒரு கல்லும், அதில் மாடு பூட்டி இறைத்த எங்கள் பெரியப்பாவும்தான். படம் பிடிக்க வேண்டிய பொருளே இல்லாததால், எழுதிக் கொடுத்தால் வீடியோ உருவாக்கித் தரும் ஏஐ கருவியை நாடினோம்.

படத்தைப் பார்த்துவிட்டு நகரத்தில் இருக்கும் நண்பர்கள் பலர் கேட்ட கேள்வி ஒன்றுதான். “எவ்வளவு செலவாச்சு? நாங்க ஆரம்பிச்சா பாதியிலயே கிரெடிட் தீந்து போகுதே?” அதற்கான பதில்தான் இந்தப் பதிவு. எந்தக் கருவி நல்லது என்பது இதில் இல்லை. பல காட்சிகள் உள்ள ஒரு படத்துக்கு எத்தனை கிளிப், எத்தனை கிரெடிட் ஆகும் என்று முன்கூட்டியே எப்படி மதிப்பிடுவது, ப்ராம்ப்டுகளை எப்படிப் பிரித்து அனுப்புவது, இது மட்டும்தான்.

முதலில் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. இந்தக் கருவிகள் முழுப் படத்தை ஒரே மூச்சில் தராது. ஒரு தடவைக்குச் சில விநாடி என்று துண்டு துண்டாகத்தான் தரும். ஒவ்வொரு துண்டுக்கும் இத்தனை கிரெடிட் என்று கழியும். நாங்கள் சந்தா கட்டிய திட்டத்தில் மாதம் 1,000 கிரெடிட். 8 விநாடிக் கிளிப் ஒன்றுக்கு வேக வகையில் 20, உயர்தர வகையில் 100. மாதக் கடைசியில் மிச்சம் இருப்பது அடுத்த மாதத்துக்கு வராது. இந்த விலையெல்லாம் சேவைக்குச் சேவை வேறுபடும், அடிக்கடி மாறவும் செய்யும். அதனால் என் எண்ணை விட்டுவிடுங்கள், கணக்குப் போடும் முறையைப் பாருங்கள்.

நிமிடக் கணக்கு ஏன் உதவாது

வேலையில் எனக்குத் துணை அக்கா மகன். சென்னையில் படிக்கிறான், விடுமுறைக்கு வந்திருந்தான். எல்லாரும் போடுகிற கணக்கைத்தான் அவனும் முதலில் போட்டான்.

“மாமா, 90 விநாடி. எட்டால வகுத்தா 12 கிளிப். ஒண்ணுக்கு 20ன்னா 240 கிரெடிட். நம்மகிட்ட ஆயிரம் இருக்கு. தாராளம்.”

கணக்கு தப்பில்லை. ஆனால் அது விதைத்ததெல்லாம் முளைக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு. இரண்டு இடத்தில் அது உடைந்துபோகும்.

ஒன்று, 8 விநாடிக் கிளிப்பில் 8 விநாடியும் பயன்படாது. ஆரம்பத்தில் அரை விநாடி, ஒரு விநாடி எல்லாம் உறைந்தமாதிரி நிற்கும். முடிவில் உருவம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். மாட்டின் கொம்பு வளையும், ஆளின் முண்டாசு நிறம் மாறும். நடுவில் இருக்கும் நாலைந்து விநாடிதான் நமக்கு. அதோடு, பார்க்கிறவர்களும் ஒரே காட்சியை 8 விநாடி பொறுமையாகப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டு, ஒரு ப்ராம்ப்டுக்கு முதல் தடவையே நல்ல கிளிப் வந்துவிடாது. அதே எழுத்தை அப்படியே மறுபடி கொடுத்தாலும் வேறொன்று வரும். மாட்டுக்கு ஐந்தாவது கால் முளைத்த கிளிப்புக்கும் கிரெடிட் கழிந்துவிடும். கருவியின் கோளாறால் ஒன்றுமே வராமல் போனால் சில சேவைகள் கிரெடிட்டைத் திருப்பித் தரும். வந்தது நமக்குப் பிடிக்கவில்லை என்றால் யாரும் தர மாட்டார்கள்.

ஆகவே கணக்கின் அடிப்படை நிமிடம் இல்லை. வேண்டிய கிளிப், அது ஒன்றுக்கு எத்தனை தடவை முயல வேண்டியிருக்கும், தடவைக்கு எத்தனை கிரெடிட். இந்த மூன்றையும் பெருக்க வேண்டும். இதில் மூன்றாவது திரையிலேயே தெரியும். முதல் இரண்டைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

ஷாட்டை எண்ணுவது

படத்துக்கு முன்னால் குரலைப் பதிவு செய்தோம். பெரியப்பா சொல்லச் சொல்ல நான் எழுதி, நானே போனில் வாசித்தேன். 90 விநாடி வந்தது. குரல் கையில் இருந்தால் எந்த வரிக்கு எத்தனை விநாடிப் படம் வேண்டும் என்பது சந்தேகம் இல்லாமல் தெரியும். படத்தை முதலில் உருவாக்கிவிட்டுக் குரலைப் பிறகு பொருத்தினால் பல கிளிப்புகள் இடமில்லாமல் வீணாகும்.

ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டோம். ஷாட் எண், குரலில் வரும் வரி, விநாடி, திரையில் என்ன தெரியும், எதில் எடுப்பது. எழுதி முடித்தபோது 20 ஷாட். சராசரி நாலரை விநாடி.

அதன் பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு கேள்வி கேட்டோம். இதைப் போனிலேயே எடுக்க முடியுமா? பள்ளம் விழுந்த கல் கிணற்று மேட்டிலேயே கிடக்கிறது. பாழுங்கிணற்றின் உள்சுவர் இருக்கிறது. பெரியப்பாவின் கைகள், அவர் முகம், இன்றைய மோட்டார் ரூம், குழாயில் கொட்டும் தண்ணீர். ஆறு ஷாட் அப்படியே கழிந்தது. இருக்கிற பொருளைக் கருவியிடம் கேட்பது காசுக்குக் கேடு என்பது ஒரு பக்கம். உண்மையான கல்லுக்கு இருக்கும் அழுத்தம் உருவாக்கிய கல்லுக்கு வராது என்பது இன்னொரு பக்கம்.

மிச்சம் 14. அதிலும் சிலவற்றை ஒரே கிளிப்பை இரண்டாக வெட்டிப் பயன்படுத்தலாம். விடியற்காலை வயல் படத்தின் ஆரம்பத்திலும் வருகிறது, பிற்பாடும் வருகிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதும் அப்படித்தான். இரண்டு குறைந்து 12 கிளிப். முதலில் சொன்ன அதே 12தான், ஆனால் இது வேறு 12. இதில் ஒவ்வொன்றும் என்ன என்று நமக்குத் தெரியும்.

எளிது, நடுத்தரம், கடினம்

இந்த 12ஐ மூன்று வகையாகப் பிரித்தோம். இதுதான் மொத்தக் கணக்கிலும் முக்கியமான இடம்.

ஆளும் இல்லை, கருவியும் இல்லை, இயற்கை மட்டும் என்றால் எளிது. விடியற்காலை வயல், வாய்க்கால் தண்ணீர், மிளகாய்ப் பாத்தி, கிணற்றுச் சுவரில் குருவி, வேப்பமர நிழல். ஐந்து. இரண்டு தடவை கேட்டால் ஒன்று தேறும் என்று வைத்தோம்.

மனிதரும் மாடும் சாதாரணமாக ஏதாவது செய்தால் நடுத்தரம். ஒருவர் மாடுகளை ஓட்டிவருவது, ஒரு பெண் மண்வெட்டியால் மடை திருப்புவது, மாட்டைத் தட்டிக்கொடுப்பது, தூக்குவாளியில் கஞ்சி வருவது. நான்கு. நாலு தடவைக்கு ஒன்று.

ஒரு பொருள் இன்னொன்றை இழுக்கிறது, அதனால் மூன்றாவது நகர்கிறது என்றால் அது கடினம். கமலை முழுக்க இதுதான். மாடுகள் சரிவில் இறங்கும்போது வடம் உருளையில் ஓடிக் கூனை மேலே வருவது ஒன்று. மேலே வந்ததும் வால்கயிறு தோல் வாலை இழுத்துப் பிடிக்க, தொட்டியில் தண்ணீர் கொட்டுவது இரண்டு. மாடுகள் திரும்பாமல் பின்பக்கமாகவே சரிவில் ஏறி வருவது மூன்று. பத்து தடவைக்கு ஒன்று தேறினால் உண்டு என்று வைத்தோம்.

பெருக்கிப் பாருங்கள். எளிது 10 தடவை, நடுத்தரம் 16, கடினம் 30. மொத்தம் 56 தடவை, 1,120 கிரெடிட். இருப்பது ஆயிரம். 240 என்று நினைத்தது நாலரை மடங்குக்கு மேல் போய்விட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். பன்னிரண்டில் மூன்றே மூன்று கிளிப் பாதிக்கு மேல் செலவைத் தின்கிறது. எங்கே மிச்சம் பிடிக்க வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. குருவியிலும் வேப்பமரத்திலும் சிக்கனம் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

முதல் கட்டு சோதனைக்கு

ஆனால் இரண்டு, நாலு, பத்து என்பதெல்லாம் நாங்களாக வைத்த எண். கருவிக்குக் கமலை தெரியுமா தெரியாதா என்று கேட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது. அதனால் வகைக்கு ஒரு ஷாட் மட்டும் எடுத்து ஒரு சோதனைக் கட்டு போட்டோம். எளிதில் 2 தடவை, நடுத்தரத்தில் 4, கடினத்தில் 6. மொத்தம் 12 தடவை, 240 கிரெடிட். சோதனை என்றாலும் படத்துக்கு வேண்டிய ஷாட்டுகளையே கேட்டதால், தேறியது வீணாகாது.

சோதனைக்கு எப்போதும் வேக வகைதான். அனுப்புவதற்கு முன்னால் ஒரு இடத்தைக் கட்டாயம் பாருங்கள். ஒரு ப்ராம்ப்டுக்கு எத்தனை கிளிப் தர வேண்டும் என்று ஓர் அமைப்பு இருக்கும். பல கருவிகளில் அது தானாகவே இரண்டு அல்லது நான்கு என்று வைக்கப்பட்டிருக்கும். கவனிக்காமல் அழுத்தினால் 20 என்று நினைத்தது 80 ஆகிவிடும்.

எளிதில் ஒன்று தேறியது. நடுத்தரத்தில் நாலுக்கு ஒன்று. நாங்கள் வைத்த விகிதமே. கடினத்தில் ஆறும் போச்சு. ஒரு கிளிப்பில் ராட்டினத்தில் ஒருவர் கையால் இறைக்கிறார். இன்னொன்றில் மாடு செக்கு சுற்றுவதுபோல் வட்டம் போடுகிறது. மற்றொன்றில் மாடு ஒரு பக்கம் போக, கயிறு இன்னொரு பக்கம் காற்றில் தொங்க, வாளி தானாக மேலே வருகிறது.

பெரியப்பா அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. “ஏப்பா, இத அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டிராதீக. இதான் கமலைன்னு நெனச்சுக்கிட்டுப் போயிரும்க.”

அவர் சொன்னது எனக்கு உறைத்தது. அந்தக் குழந்தைகள் கமலையைப் பார்க்கப்போவதே இந்தப் படத்தில்தான். ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று கிடையாது. குருவி கொஞ்சம் முன்பின் இருந்தால் பரவாயில்லை, வடம் எங்கே கட்டியிருக்கிறது என்பது தப்பாக இருக்கக் கூடாது. எந்த ஷாட்டில் சமரசம் செய்யலாம், எதில் கூடாது என்று அன்றைக்கு முடிவாயிற்று.

ஆறுக்கு ஒன்றுமே தேறவில்லை என்றால் அதை விகிதமாக எடுத்துக்கொண்டு மேலே கணக்குப் போட முடியாது. பத்தாவது தடவை வருமா, நூறாவது தடவையா என்பதற்கு அதில் ஒரு தடயமும் இல்லை. இந்த இடத்தில் அதே ப்ராம்ப்டை மறுபடி மறுபடி அனுப்புவதுதான் பலருடைய கிரெடிட் பாதியில் தீர்வதற்குக் காரணம். வழியையே மாற்ற வேண்டும்.

வழியை மாற்றியது

வெறும் எழுத்தைக் கொடுப்பதற்குப் பதில், முதல் சட்டகத்தை ஒரு படமாகக் கொடுத்து அதை நகரச் செய்யலாம். எங்கள் திட்டத்தில் நிலைப்படம் உருவாக்கக் கிரெடிட் கழியவில்லை. உங்கள் சேவையில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வீடியோவைவிட மலிவாகத்தான் இருக்கும்.

பெரியப்பா பென்சிலில் வரைந்து காட்டினார். கிணற்றின் விளிம்பில் இரண்டு கல் தூண், குறுக்கே கட்டை, அதில் உருளை. வடம் அதன்மேல் ஏறி நுகத்துக்குப் போகிறது. வால்கயிறுக்குத் தனியாகத் தாழ்வில் ஒரு சின்ன உருளை. ஓட்டுகிறவர் இறங்கும்போது வடத்தின்மேல் உட்கார்ந்துகொள்வார், அவர் எடையும் சேர்ந்து இழுக்கும். இந்தக் கோட்டுப்படத்தையும் கிணற்று மேட்டின் போன் படத்தையும் வைத்து நிலைப்படம் கேட்டோம். பல தடவை திருத்தி, “ம், இப்ப சரி” என்று அவர் சொன்ன பிறகுதான் வீடியோவுக்குப் போனோம்.

இப்போது ப்ராம்ப்டில் கமலையை விவரிக்க வேண்டிய வேலையே இல்லை, அதுதான் படத்தில் இருக்கிறதே. என்ன நகர வேண்டும் என்பதை மட்டும் எழுதினோம். மாடுகள் மெதுவாகச் சரிவில் இறங்குகின்றன, வடம் விறைப்பாகவே இருக்கிறது, கேமரா அசையவில்லை. நாலு தடவை, 80 கிரெடிட். ஒன்று தேறியது.

பின்பக்கமாக ஏறும் மாட்டை நாங்கள் கேட்கவே இல்லை. மாடு முன்னால் நடப்பதைத்தான் இந்தக் கருவிகள் பார்த்துப் பழகியிருக்கும். பின்னால் நடக்கச் சொன்னால் திரும்பி நடக்க வைத்துவிடும், இல்லையென்றால் கால்கள் பின்னிக்கொள்ளும். கிடைத்த கிளிப்பின் பிற்பகுதியில் மாடுகளின் கால்கள் மட்டும் தெரிகிற மாதிரி வெட்டி, எடிட்டிங்கில் பின்னோக்கி ஓடவிட்டோம். மாடு பின்னால் ஏறுகிறது! ஓட்டுகிறவர் சட்டகத்தில் இல்லாததால் அவர் வடத்தில் உட்கார்ந்திருப்பதும் தெரியவில்லை. புழுதியும் தண்ணீரும் இல்லாத துண்டாகப் பார்த்து எடுக்க வேண்டும். அவை இருந்தால் பின்னோக்கி ஓடுவது காட்டிக்கொடுத்துவிடும். செலவு சுழியம்.

மறுகணக்கு

சோதனைக்கு 240, வழி மாற்றத்துக்கு 80. மிச்சம் 680. இப்போது கணக்கை முதலிலிருந்து போட்டோம். எளிதில் 4 கிளிப், தலா 2 தடவை, 8. நடுத்தரத்தில் 3 கிளிப், தலா 4 தடவை, 12. கடினத்தில் தண்ணீர் கொட்டுவது மட்டும், 6 தடவை. ஆக 26 தடவை, 520 கிரெடிட். கையிருப்பு 160. விதைநெல் மாதிரி அதைத் தொடுவதில்லை என்று நோட்டில் தனியாக எழுதி வைத்தோம்.

உயர்தர வகைக்கு இதில் இடமே இல்லை. ஒரு உயர்தரக் கிளிப் ஐந்து வேகக் கிளிப்புக்குச் சமம். பள்ளிக்கூட மைதானத்தில் வெள்ளைத் துணித் திரையில் போடும் படத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வடம் தப்பான இடத்தில் இருந்தால் தெரியும். ஐந்து வாய்ப்புதான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

ப்ராம்ப்டைப் பிரிப்பது

மூன்று ஒழுங்கு வைத்துக்கொண்டோம்.

முதலாவது, ஒரு ப்ராம்ப்டில் ஒரு செயல். “அவர் மாட்டை ஓட்டிவந்து, பூட்டி, இறைக்க ஆரம்பிக்கிறார்” என்று எழுதினால் 8 விநாடிக்குள் மூன்றையும் திணிக்கப் பார்த்து மூன்றையும் கெடுக்கும். வாக்கியத்தில் ஒன்றுக்கு மேல் வினைச்சொல் இருந்தால் அது இரண்டு ஷாட் என்று அர்த்தம். எண்ணிக்கையே மாறும் என்பதால் இதைக் கணக்குப் போடும்போதே பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது, மாறாத வரிகளை ஒரு தாளில் எழுதி, எல்லா ப்ராம்ப்டிலும் எழுத்து மாறாமல் ஒட்டுவது. ஒரு கிளிப்பில் உருவாக்கியது அடுத்த கிளிப்பில் அதற்கு நினைவில் இருக்காது. இரண்டு வெள்ளை மாடுகள், மேல்நோக்கி வளைந்த கொம்பு. ஐம்பது வயது ஆள், மேல்சட்டை இல்லை, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறார், தலையில் சிவப்பு முண்டாசு. கரிசல் மண். காலை வெயில் இடதுபக்கத்திலிருந்து விழுகிறது. ஒரு தடவை “முண்டாசு”, இன்னொரு தடவை “தலைப்பாகை” என்று எழுதினால் இரண்டு பேர் வந்து நிற்பார்கள். ப்ராம்ப்டை ஆங்கிலத்தில்தான் எழுதினோம், ஆனாலும் விதி அதேதான்.

மூன்றாவது, கதையின் வரிசையில் அனுப்பாமல் ஒரே மாதிரி இருப்பதைச் சேர்த்துக் கட்டுவது. ஆள் இல்லாத நாலும் ஒரு கட்டு. ஆளும் மாடும் வரும் மூன்று ஒரு கட்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதில் வெயில் மாறியிருக்கிறது, எதில் முண்டாசு மாறியிருக்கிறது என்று உடனே பிடிபடும். கட்டின் அளவு நாலிலிருந்து ஆறுக்குள் இருந்தால் போதும். மாறாத வரிகளில் ஒரு தப்பு இருந்தால் அந்தக் கட்டோடு நிற்கும். இருபதையும் ஒன்றாக அனுப்பினால் இருபதும் அதே தப்போடு வரும்.

கட்டுக்குள்ளும் ஒரு சூட்சுமம் உண்டு. எளிதான ஷாட்டுக்கு இரண்டு தடவை என்று கணக்கில் இருந்தாலும், இரண்டையும் ஒன்றாகக் கேட்பதில்லை. நாலு ப்ராம்ப்டுக்கும் தலா ஒன்று கேட்டோம். இரண்டு தேறியது. தேறாத இரண்டை மட்டும் மறுபடி அனுப்பினோம், ஒன்று தேறியது. கடைசி ஒன்றை அனுப்பினோம், அதுவும் தேறியது. எட்டுக்குப் பதில் ஏழு. நடுத்தரத்தில் தலா இரண்டாகக் கேட்டோம். ஆறு தடவையில் ஒன்று, அடுத்த நாலில் ஒன்று, அடுத்த இரண்டில் ஒன்றுமில்லை, அதற்கடுத்த இரண்டில் ஒன்று. பன்னிரண்டுக்குப் பதில் பதினாலு. மடை திருப்பும் ஷாட்தான் இழுத்தடித்தது. மண்வெட்டியும் கையும் ஒன்றோடொன்று உருகிப்போய் வந்தன.

ஒவ்வொரு தடவையும் தேறியதா என்று பார்க்க நோட்டின் ஓரத்தில் நாலு கேள்வி. கால்களை எண்ணினாயா? கயிறு இரண்டு முனையிலும் கட்டியிருக்கிறதா? தண்ணீர் கீழ்நோக்கித்தான் போகிறதா? தொடர்ச்சியாக நாலு விநாடி சுத்தமாக இருக்கிறதா? நாலாவதை மறக்கக் கூடாது. ஏழாவது விநாடியில் கெட்டுப்போகும் கிளிப் நமக்கு நல்ல கிளிப்தான், தூக்கிப் போட வேண்டியதில்லை.

எங்கே நிறுத்துவது

தண்ணீர் கொட்டும் ஷாட் அடங்கவில்லை. நிலைப்படம் கொடுத்தும் தோல் வால் பாம்பு மாதிரி நெளிந்தது, தண்ணீர் கூனையின் பக்கவாட்டிலிருந்து வழிந்தது. கணக்கில் வைத்திருந்த ஆறும் போயிற்று. கையிருப்பைத் திறந்து இன்னும் இரண்டு. எட்டாவதும் போன பிறகு அக்கா மகன், “மாமா, இன்னும் ரெண்டே ரெண்டு” என்றான்.

“எண்ணிப் பாரு. எளிதுக்கு 140, நடுத்தரத்துக்கு 280, இதுக்கு 160. 680ல 580 போச்சு. கையில நூறு, அஞ்சு தடவை. இதுக்கே கொட்டுனா வேற வழி பாக்கக்கூட மிச்சம் இருக்காது” என்றேன்.

நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். அந்த வரியில் குரல் சொல்வது, வால் வழியாகத் தண்ணீர் தொட்டியில் இறங்குகிறது என்பதுதான். வால் எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பெரியப்பாவின் கைகளே காட்டும். ஒரு கை கூனை, இன்னொரு கை வால், இரண்டும் ஒன்றாக ஏறி, மேலே வந்ததும் வால் கை மட்டும் முன்னால் சாய்கிறது. அதைப் போனில் எடுத்திருந்த ஷாட்டோடு சேர்த்தோம். கருவியிடம் கல்தொட்டியில் தண்ணீர் வந்து விழுந்து வாய்க்காலுக்கு ஓடுவதை மட்டும் நெருக்கத்தில் கேட்டோம். கடின ஷாட் எளிதாகிவிட்டது. இரண்டாவது தடவையில் தேறியது. 40 கிரெடிட்.

கணக்கை முடிக்கும்போது 47 தடவை, 940 கிரெடிட். படத்தில் நின்றது 11 கிளிப். நாலேகால் தடவைக்கு ஒன்று. மிச்சம் 60, ஒரு உயர்தரக் கிளிப்புக்குக்கூடக் காணாது. படத்தின் முதல் சட்டகத்தில் “போனில் எடுத்தவையும் கணினியில் உருவாக்கியவையும் கலந்தது” என்று எழுதிப் போட்டோம். கல்லும் கையும்தான் நிஜம் என்று பிள்ளைகளுக்கு ஆசிரியரும் சொன்னார்.

அடுத்த படத்துக்கு வேண்டியது நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. வகைவாரியாக எத்தனை தடவை எதிர்பார்த்தோம், எத்தனை ஆனது என்று. அது எங்கள் கருவிக்கும் எங்கள் கண்ணுக்கும் உரிய விகிதம், உங்களுக்கு வேறு வரும். 12 தடவை செலவழித்தால் உங்களுடையது தெரிந்துவிடும். பொங்கலுக்கு வண்டிப் பயணம் ஒன்று செய்யலாம் என்கிறான் அக்கா மகன். சக்கரம் சுழல்வதும் மாடு நடப்பதும் ஒத்துப்போக வேண்டும். அதைக் கடினம் என்ற பத்தியில்தான் எழுதியிருக்கிறேன்.

கொங்கு நாட்டில் இதைக் கவலை என்பார்கள். உங்கள் ஊரில் என்ன பெயர், கூனைக்கும் வாலுக்கும் என்ன சொல்வார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டுகிறேன்.